காய்ச்சல் விட்ட பிறகும் முடியாத விடுப்பு

என் அண்ணன் மகள் ஜெர்மனியில் செவிலியர் பயிற்சியில் இருக்கிறாள். மூன்று வருடப் பயிற்சி. சில வாரம் பள்ளி, சில வாரம் மருத்துவமனை என்று மாறி மாறி வரும். பள்ளியைப் பற்றிய எல்லாம் ஒரு செயலியில் இருக்கிறது: கால அட்டவணை, வராத நாட்களின் கணக்கு, மதிப்பெண். அங்கே பல பள்ளிகளில் WebUntis என்ற மென்பொருள்தான். அவள் திரையைப் படம் பிடித்து அனுப்ப, எங்கள் ஊர் தாமலில் நாங்கள் பார்ப்போம். போவதற்கு முன் சென்னையில் ஜெர்மன் படித்துத் தேர்வெழுதிவிட்டுத்தான் போனாள். ஆனால் எந்தப் பெட்டி எந்தப் பெட்டியைத் தொடும் என்பது அந்தத் தேர்வில் வராது. அந்தத் திரைகளைத் தனித்தனியாகப் படிக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அட்டவணையில் ஆண்டின் வாரங்களுக்கு எண் உண்டு. KW 7 என்றால் ஏழாவது வாரம். ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு பெட்டி. அதில் CE 05 என்பது போன்ற பாடப்பகுதி எண்ணும், ஆசிரியர் பெயரின் சுருக்கமும், அறை எண்ணும் இருக்கும். செவிலியர் பாடத்திட்டம் CE 01 முதல் CE 11 வரை பதினொரு பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. Entfall என்று வந்தால் அந்த வேளை மட்டும் நடக்காது. அடுத்த வேளை வழக்கம்போல் உண்டு. Vertretung என்றால் வேறு ஆசிரியர் வருகிறார், வகுப்பு உண்டு. சில வாரங்கள் முழுக்கக் காலியாகத் தெரியும். அதை லீவு என்று நினைத்துவிடக் கூடாது. அது மருத்துவமனை வாரமாக இருக்கலாம். அங்கே எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதை மருத்துவமனை தரும் பணிப்பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

அட்டவணையில் தேர்வு வேளைக்குத் தனி அடையாளம் இருக்கும். நிறம் பள்ளிக்குப் பள்ளி மாறும். வாரத் தொடக்கத்திலேயே அந்த வேளையைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காரணம் கீழே வருகிறது.

பிப்ரவரியில் ஒரு பள்ளி வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். திங்கள் காலை 7:45க்கு வகுப்பு. ஏழு மணிக்கு முன்பே செயலியில் Abwesenheit melden என்ற பொத்தானை அழுத்தி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மருத்துவமனைக்கும் தொலைபேசியில் சொன்னாள். இரண்டு இடத்துக்கும் சொல்ல வேண்டும். பள்ளியில் படிப்பவள் என்றாலும் அவளுக்கு ஒப்பந்தமும் சம்பளமும் தருவது மருத்துவமனைதானே. பிறகு மருத்துவரைப் பார்த்தாள். புதன் வரைக்கும் சான்று கொடுத்தார். வியாழனன்று வகுப்புக்குப் போய்விட்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

வாரக் கடைசியில் அனுப்பிய படத்தில் அந்த மூன்று நாளும் வரிசையாக இருந்தன. நாளுக்கு எட்டு வேளை, மொத்தம் 24. ஒவ்வொன்றின் எதிரிலும் offen. வராததாகப் பதிவாகியிருக்கிறது, ஆனால் பள்ளி இன்னும் ஏற்கவில்லை. ஏற்றால் entschuldigt என்று மாறும். பள்ளி வைத்த கெடு தாண்டினால் nicht entsch. என்று ஆகிவிடும்.

"சித்தப்பா, டாக்டர் கம்ப்யூட்டர்லயே அனுப்பிட்டாரே?" என்றாள். அனுப்பியது உண்மைதான். 2023 ஜனவரி 1 முதல் அங்கே அரசுக் காப்பீட்டில் உள்ள ஊழியர்களின் மருத்துவச் சான்று மின்வழியில்தான் போகிறது. மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவார். வேலை கொடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். மருத்துவமனை எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த வழியில் பள்ளிக்கு இடமில்லை. பள்ளிக்கு வேண்டியது தாள். கேட்டால் மருத்துவர் அச்சிட்டுத் தருவார். அதன் நகலைப் பள்ளியில் கொடுக்க வேண்டும். பல பள்ளிகள் அதோடு கையெழுத்திட்ட விடுப்புக் கடிதமும் கேட்கும். காலையில் பொத்தானை அழுத்தியது தகவல் மட்டுமே. விடுப்பு அதனால் ஏற்கப்பட்டதாகாது.

இது வெறும் தாள் விவகாரமா என்று அண்ணன் கேட்டார். இல்லை. 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஜெர்மனியின் செவிலியர் தொழில் சட்டப்படி வகுப்பு மட்டும் குறைந்தது 2,100 மணி. மருத்துவமனை முதலிய இடங்களில் செய்முறை 2,500 மணி. நோயாலோ, தன் தவறல்லாத வேறு காரணத்தாலோ தவறவிட்டதை, மொத்த மணியில் 10 சதவீதம் வரை பயிற்சிக் காலத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது அதன் 13ஆம் பிரிவு. வகுப்புக்கு 210, செய்முறைக்கு 250, இரண்டும் தனித்தனி. 24 வேளை அந்த 210க்குள் தாராளமாக அடங்கும். ஆனால் நோய் என்று காட்டத் தாள் இருந்தால்தான் இந்தச் சலுகை. காரணமில்லாமல் போன வேளையைப் பற்றிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதோடு மருத்துவமனை வாரங்களில் தவறவிட்டது எல்லாப் பள்ளித் திரையிலும் தெரியாது. அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனி மதிப்பெண் திரை. அங்கே 1 முதல் 6 வரை. நம் ஊர் ரேங்க் போல 1தான் முதல். 4 வரை தேர்ச்சி, 5ம் 6ம் இல்லை. முதல் தடவை 2 என்று பார்த்த அண்ணன், "என்னடா, ரெண்டு மார்க்தானா?" என்று பதறிவிட்டார். அது நல்ல மதிப்பெண். தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள்: 2,3 என்றால் இரண்டு புள்ளி மூன்று.

அந்தக் காய்ச்சல் வாரத்தின் செவ்வாய்க்கிழமை மூன்றாம் வேளையில் தேர்வு இருந்தது. அட்டவணையில் குறித்து வைத்திருந்த வேளை அதுதான். தேர்வு நாளில் ஏற்கப்பட்ட காரணமில்லாமல் வராவிட்டால் பல பள்ளிகளில் 6 விழும். ஏற்கப்பட்டால் மறுதேர்வு. அவள் அந்தப் பாடத்தில் முன்பு வாங்கியவை 2, 3. மூன்று தேர்வுக்கும் சம எடை என்று வைத்துக்கொண்டால், 6 விழும்போது சராசரி 3,67. 3,50 முதல் 4,49 வரை 4 என்று கொள்வதால் மதிப்பெண் 4. மறுதேர்வில் 2 வாங்கினால் சராசரி 2,33, மதிப்பெண் 2. இந்த வித்தியாசம் அந்த வருடத்தோடு போவதில்லை. இறுதித் தேர்வின் எழுத்து, வாய்மொழி, செய்முறை என்ற மூன்று பகுதியிலும், வருடச் சான்றிதழ்களில் வாங்கியதற்கு 25 சதவீதப் பங்கு உண்டு.

அவள் அடுத்த திங்களன்றே தாளை வாங்கி அலுவலகத்தில் கொடுத்தாள். கெடு தாண்டவில்லை. 24 வேளையும் entschuldigt ஆனது. மறுதேர்வுக்குத் தேதியும் வந்தது.

ஆகவே ஜெர்மனிக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் வீட்டார், உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்ட பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: பள்ளிக்குத் தாள் போயிற்றா? பிள்ளைகளுக்குச் சொல்வது இது. முதல் வகுப்பு அன்றே பள்ளி அலுவலகத்தில் கெடு எத்தனை நாள், என்ன தாள், யாரிடம் என்று மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் Abwesenheiten திரையைத் திறந்து பாருங்கள். offen என்று ஒரு வரி இருந்தாலும் அந்த வார வேலை பாக்கி இருக்கிறது.