ஃபெலோஷிப்புக்கு விலக்கு, டியூஷனுக்குக் கணக்கு

ஹைதராபாத்தில் பி.எச்டி. செய்யும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். யு.ஜி.சி.யின் ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்பாக மாதம் ரூ. 37,000 வருகிறது. மாலையில் ஒரு கோச்சிங் சென்டரில் கணிதம் சொல்லித் தந்து மாதம் ரூ. 12,000 சம்பாதிக்கிறார். 2025-26 நிதியாண்டுக்கு இவர் எதைக் கணக்கில் காட்ட வேண்டும்?

ஃபெலோஷிப் ரூ. 4,44,000-க்கு வரி இல்லை. கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு 1961-ம் வருடச் சட்டத்தின் 10(16) பிரிவு முழு விலக்கு தருகிறது, உச்சவரம்பு கிடையாது. 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விலக்கு தொடர்கிறது.

ஆனால் பெயரை வைத்து விலக்கு கிடைத்துவிடாது. பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பதே கேள்வி. ஆய்வுப் படிப்பைத் தொடர்வதற்கு என்றால் உதவித்தொகை. ஒரு திட்டத்தில் வேலைக்கு அமர்த்தி, அந்த வேலைக்கு ஈடாகத் தந்தால், 'ஸ்டைபெண்ட்' என்று எழுதியிருந்தாலும் அது சம்பளம்தான். அதே பல்கலைக்கழகம் கௌரவ விரிவுரைக்குத் தரும் தொகைக்கும் விலக்கு இல்லை. நியமனக் கடிதத்தைப் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.

டியூஷன் பணம் வேறு வகை. ஆண்டுக்கு ரூ. 1,44,000. இதில் 10 சதவீதத்தை, அதாவது ரூ. 14,400-ஐ, தொழில்முறைக் கட்டணத்துக்கான டி.டி.எஸ். என்று சென்டர் பிடித்திருக்கிறது. புத்தகம், போக்குவரத்து என இந்த வேலைக்கே ஆன செலவு ரூ. 20,000 என்றால் நிகர வருமானம் ரூ. 1,24,000. புதிய வரி முறையில் ரூ. 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆகவே பிடித்த பணம் முழுவதும் திரும்ப வர வேண்டியது. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும். 'வரிதான் இல்லையே' என்று சும்மா இருக்கும் மாணவர்கள் இழப்பது இதைத்தான். ஃபெலோஷிப்பை ரிட்டர்னில் விலக்குப் பெற்ற வருமானத்துக்கான பகுதியில் மட்டும் எழுத வேண்டும்.

தாக்கல் செய்யும் முன் 26ஏஎஸ் படிவத்தைப் பார்ப்பது அவசியம். சில கல்வி நிலையங்கள் ஃபெலோஷிப்பையே சம்பளம் என்று பதிவு செய்துவிடுகின்றன. ரூ. 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் இப்போது வலி தெரியாது. ஆண்டின் நடுவே வேலை கிடைத்து, ஆறு மாத ஃபெலோஷிப்பான ரூ. 2,22,000 புதுச் சம்பளத்தோடு சேர்ந்து வரம்பைத் தாண்டும்போது தெரியும். அலுவலகக் கணக்குப் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்டு, டி.டி.எஸ். அறிக்கையைத் திருத்தச் சொல்வதே வழி.

இன்னொன்று: பல ஃபெலோஷிப்களின் விதிகள் வேறு ஊதியப் பணியைத் தடை செய்கின்றன. வரித்துறை அதைக் கேட்காது, பல்கலைக்கழகம் கேட்கும். டியூஷனை ஒப்புக்கொள்ளும் முன்பே வழிகாட்டியிடம் அனுமதி வாங்கலாமா என்று விசாரித்துவிடுவது நல்லது.