ஐந்து ஏக்கரும் ஒரு கணக்கும்

"எதில் லாபம் அதிகமோ அதையே போடு" என்பார்கள். சிறு விவசாயிக்கு இந்த அறிவுரை எப்போதும் பொருந்தாது. 'லீனியர் புரோகிராமிங்' கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

ஒரு கற்பனை உதாரணம். நிலம் 5 ஏக்கர், கையில் 1,20,000 ரூபாய், ஆள் வேலை 170 நாள். மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 20,000 செலவு, 20 ஆள், லாபம் 15,000. நிலக்கடலைக்கு 30,000 செலவு, 40 ஆள், லாபம் 21,000. கடலை மட்டும் போட்டால் 4 ஏக்கரிலேயே பணம் தீர்ந்துவிடும், லாபம் 84,000. சோளம் மட்டும் என்றால் 75,000. 3 ஏக்கர் சோளம், 2 ஏக்கர் கடலை என்றால் 87,000! இதுதான் உச்சம்.

ஆனால் இந்த விடையைவிட முக்கியமானது 'நிழல் விலை'. இன்னும் 10,000 ரூபாய் கிடைத்தால் ஒரு ஏக்கர் சோளம் கடலையாக மாறும், லாபம் 6,000 கூடும். வட்டி அதைவிடக் குறைவென்றால் கடன் வாங்கலாம். பணம் கூடாமல் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தாலோ, கடலையை விட்டுவிட்டு 6 ஏக்கரும் சோளம்தான் போடவேண்டும்; கூடுவது வெறும் 3,000. குத்தகை அதற்கு மேல் போனால் நட்டம்.

கணக்கு ஏமாற்றும் இடமும் உண்டு. 87,000 திட்டத்தில் 140 ஆள் போக 30 மீதி என்று காட்டும். ஆனால் கடலை பறிப்பு சில நாட்களில் முடியவேண்டும். அந்த வாரம் ஆள் கிடைக்காவிட்டால் காகிதத்தில் உள்ள மீதி எதற்கு உதவும்? ஆள் வேலையை மொத்தமாக எழுதாமல், வாரவாரியாகத் தனி வரம்பாக எழுதவேண்டும். அப்படி எழுதாத கணக்கை நம்பி விதை வாங்கக்கூடாது.