கொழுந்துக் கூடையை இறக்கி வைப்போம்

"தமிழ்ல விளம்பரம் போட்டா ஃபேஸ்புக் ரிஜெக்ட் பண்ணும்." காசு கட்டி ஒரு போஸ்ட்டை பூஸ்ட் பண்ணிப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்வதை நாங்கள் நம்பவில்லை. ரிஜெக்ட் ஆவது மொழியால் இல்லை. நம் சனத்தைப் பார்த்து நாம் பேசுகிற தொனியால்.

ஒரு விளம்பரத்தை உதாரணத்துக்கு எடுப்போம். பதுளை டவுனில் ஓ.எல். கணக்கு வகுப்பு. பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் வரவேண்டும். வழக்கமாக எழுதப்படும் வாசகம் இதுதான்: "நீங்க தோட்டத்துப் பிள்ளையா? வீட்டில வசதி இல்லையா? கவலைய விடுங்க!" படம், கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா, பக்கத்தில் செருப்பில்லாத பிள்ளை.

இது நிராகரிக்கப்பட்டால் அறிவித்தலில் Personal attributes என்று வரும். மெட்டாவின் விதி சொல்வது இவ்வளவுதான்: வாசிக்கிறவரின் இனம், மதம், வயது, நோய், பண நெருக்கடி, தொழிற்சங்க உறுப்புரிமை போன்றவை உனக்குத் தெரியும் என்பதுபோல எழுதாதே. "மனச்சோர்வுக்கு ஆலோசனை" என்று எழுதலாம். "உங்களுக்கு மனச்சோர்வா?" என்று எழுதக்கூடாது. முதலாவது சேவையைச் சொல்கிறது, இரண்டாவது ஆளைச் சுட்டுகிறது. "வசதி இல்லையா?" என்ற கேள்வியும் அப்படித்தான். கேள்விக்குறி போட்டதால் தப்பிக்க முடியாது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வாசகத்தை அப்படியே வைத்துவிட்டு படத்தை மட்டும் மாற்றித் திரும்பப் போடுகிறார்கள். சிலர் படத்தில் எழுத்து கூடிவிட்டது என்று அழிக்கிறார்கள். படத்தில் 20 சதவீதத்துக்கு மேல் எழுத்து இருக்கக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டை ஃபேஸ்புக் 2020இலேயே கைவிட்டுவிட்டது. படம் மாறியும் அதே காரணம் வந்தால் கோளாறு வாசகத்தில்தான். திருத்தாமல் திரும்பத் திரும்பப் போட்டால் விளம்பரக் கணக்கே முடங்கலாம்.

அப்போ எப்படி எழுதுவது?

"ஓ.எல். கணிதம், கடந்தகால வினாத்தாள் வகுப்பு. சனி காலை 8.30, பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பசறை பஸ் வந்த பிறகே தொடங்கும். மாதம் 1500 ரூபா, வாராவாரமும் கட்டலாம்."

இதில் 'தோட்டம்' இல்லை, 'வசதி' இல்லை. ஆனால் பசறை பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு இது தனக்கான வகுப்பு என்று உடனே விளங்கும். வாராவாரம் கட்டலாம் என்பது வீட்டு நிலைமை தெரிந்தவர் எழுதியது என்பதும் விளங்கும். யாருக்குக் காட்டவேண்டும் என்பதை வாசகத்தில் எழுதத் தேவையே இல்லை. பூஸ்ட் பண்ணும்போது வரைபடத்தில் பதுளையைக் குறித்து, சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று கொடுத்தால் போதும். படத்துக்கு, கரும்பலகையில் பாதி செய்த ஒரு வட்டக் கணக்கு. போன் திரையில் கோடும் எண்ணும் தெளிவாகத் தெரியவேண்டும். மீதியை முடிக்கத் தெரியாத பிள்ளை அந்த இடத்தில் நிற்கும்.

இயந்திரமும் பிழை விடும். முதல் பரிசோதனை பெரும்பாலும் இயந்திரத்தின் வேலைதான். வாசகம் சுத்தமாக இருந்தும் நிராகரித்தால் Request review கொடுக்கலாம். ஆனால் முதலில் நம் வாக்கியத்தைப் பார்ப்போம்.

இனி அந்தப் படம். கூடைக்காரி படம் விதியைத் தாண்டிப் போகலாம், ரிஜெக்ட் ஆகாமலும் இருக்கலாம். எங்களுடைய கோபம் அதில்தான். 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே இருக்கும் தம்பேதன்ன உட்பட இங்கே தோட்டங்களை வாங்கினார். தேயிலை நேரே தோட்டத்திலிருந்து தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்று விளம்பரம் செய்தார். கொழுந்து பறிக்கிற பெண் அந்த விளம்பரங்களில் படமாக வந்தாள். அவற்றை வாசித்து வாங்கியவர்கள் எங்கேயோ இருந்த வெள்ளைக்காரர்கள். அவளிடம் யாரும் எதையும் விற்கவில்லை. விற்றது அவள் உருவத்தை.

அதே படத்தை இன்று நம் ஆட்களே நம் பிள்ளைகளுக்குக் காட்டி கணக்கு வகுப்பு விற்கிறார்கள். "பாவமா காட்டினாத்தான் சனம் நிற்கும்" என்பது அவர்கள் நியாயம். யார் நிற்பார்கள்? வெளியூரிலிருந்து நன்கொடை தருகிறவர் நிற்பார். காசு கட்டி வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைக்கு அந்தப் படம் சொல்வது ஒன்றுதான்: 'நீ கொழுந்துக்காரி மகள்.' ரிஜெக்ட் ஆன வாக்கியம் சொன்னதும் அதுவே. வாக்கியத்தை இயந்திரம் பிடித்துவிடுகிறது. படத்தைப் பிடிக்க வேண்டியது நாங்கள்தான்.

டியூட்டரிக்காரர்களே, பிள்ளை எந்த லயத்திலிருந்து வருகிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். வகுப்பு எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த பஸ் என்று சொல்லுங்கள்.