காயத்திலிருந்து தொடங்காதீர்கள், செயலிலிருந்து தொடங்குங்கள்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் எங்கள் கைபேசிகளில் அழைப்பிதழ்கள் குவியும். அண்ணல் அம்பேத்கரைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் அவற்றில் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பட்டங்களின் பட்டியல் ஒன்று, அதன் கீழே வகித்த பதவிகளின் பட்டியல் ஒன்று. இவ்வளவு பட்டங்கள், இத்தனை மொழிகள் என்று ஒவ்வொரு ஆண்டும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் வாட்ஸ்அப் செய்திகளும் உண்டு. கூட்ட வேண்டிய தேவையே இல்லை. கொலம்பியாவில் எம்.ஏ., பிஎச்.டி., லண்டன் பொருளாதாரப் பள்ளியில் எம்.எஸ்சி., டி.எஸ்சி., கிரேஸ் இன்னில் பாரிஸ்டர். உள்ளதைச் சொன்னாலே மூச்சு வாங்கும்.

இப்போது இளம் தோழர்கள் பலர் இந்தப் பட்டியலைக் கைவிட்டு, ஒரு சம்பவத்தோடு குறிப்பைத் தொடங்குகிறார்கள். வரவேற்கிறோம். பட்டியலைக் கேட்பவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார், சம்பவம் மனதில் நிற்கும். ஆனால் எந்தச் சம்பவம், யாருக்காக, யார் சொல்வது என்று கேட்காமல் எழுதினால், தலித் ஆளுமைகள் விஷயத்தில் இந்த முறை பட்டியலைவிட மோசமாகப் போய் முடியும். அம்பேத்கரை வைத்தே பார்ப்போம்.

அவரே எழுதி வைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறிய தன்வரலாற்றில் இரண்டு சம்பவங்கள் உண்டு. முதலாவது 1901இல் நடந்தது. கோரேகானில் காசாளராக வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, சிறுவன் பீமாராவ் உறவுப் பிள்ளைகளோடு சதாராவிலிருந்து ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறான். அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடையில் இருந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, மகர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறிப்போகிறார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்ன பிறகுதான் ஒரு வண்டி கிடைக்கிறது. அதையும் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். உணவு கையில் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் தருவாரில்லை.

இரண்டாவது 1917. பரோடா அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு, ஒப்பந்தப்படி அந்த அரசில் வேலை செய்ய வருகிறார். தங்க இடம் இல்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியில் பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் காலி செய்யச் சொல்கிறது. ஓர் இந்து நண்பரிடம் கேட்கிறார், ஒரு கிறித்தவ நண்பரிடம் கேட்கிறார். இருவர் வீட்டிலும் இடமில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் ரயில் நேரம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்குத் திரும்புகிறார்.

மூன்றாவது சம்பவம் பொது வரலாற்றில் உள்ளது. 1927 மார்ச் 20, மகாட் நகரம். பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தைப் பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே நிறைவேற்றிவிட்டது. மகாட் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. தாளில் எல்லாம் இருந்தது, குளத்தில் இறங்கத்தான் ஆளில்லை. அன்று மாநாட்டுக்கு வந்திருந்த மக்கள் ஊர்வலமாகப் போக, அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்.

மூன்றும் உண்மை, மூன்றும் வலிமையானவை. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கான குறிப்பென்றால் மசூர் பொருந்தும். தன் வயதுப் பையன் ஒருவன் வண்டியோட்டத் தெரியாமல் வண்டியில் உட்கார்ந்திருப்பதை ஒரு குழந்தை உடனே பார்த்துவிடும். அதே தொடக்கத்தைப் பொருளாதாரத் துறைக் கருத்தரங்கின் அழைப்பிதழில் போட்டால், அவையோர் ஒரு நிமிடம் வருத்தப்பட்டுவிட்டு, அவரைப் பாவப்பட்ட சிறுவனாகவே மனதில் வைத்துக்கொள்வார்கள். அங்கே பரோடா சம்பவம்தான் வேலை செய்யும். பட்டங்கள் அந்தச் சம்பவத்துக்குள்ளேயே இருக்கின்றன, தனியே அடுக்க வேண்டியதில்லை. கொலம்பியாவும் லண்டனும் போய் வந்தவருக்கு ஒரு படுக்கை கிடைக்கவில்லை என்ற ஒரு வாக்கியம், படிப்பு வந்தால் சாதி போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்கும் அவையைக் கேள்வி கேட்கும். விரட்டியவர்கள் இந்துக்கள் அல்ல என்பதும் அதிலேயே இருக்கிறது.

எங்களுக்குப் பிடித்தது மகாட். காரணம், மற்ற இரண்டிலும் அவர் மீது ஏதோ நடக்கிறது, மகாடில் அவர் ஏதோ செய்கிறார். அந்தச் சம்பவத்திலிருந்து அவருடைய வாழ்நாள் பணிக்குப் போக ஒரே வாக்கியம் போதும்: சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை தெருவில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியோடு கடைசிவரை வேலை செய்தவர், பின்னாளில் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். பார்த்தீர்களா, பதவி தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. சம்பவத்துக்கும் பணிக்கும் நடுவே இப்படி ஒரு வாக்கியம் எழுத வராவிட்டால், அந்தச் சம்பவம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அந்தக் குறிப்புக்கு உரியதல்ல.

உயிரோடு இருப்பவர்களை அறிமுகப்படுத்தும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. ஒரு கருத்தரங்கில் நான்கு பேச்சாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவருக்குப் பேராசிரியர், நூலாசிரியர், மூத்த வழக்கறிஞர் என்று அறிமுகம். நான்காவதாகப் பேச வந்த தலித் பெண் ஆய்வாளருக்கு மட்டும், குடிசையில் பிறந்து தெருவிளக்கில் படித்து என்று ஒரு கதை. தொகுப்பாளர் அன்போடுதான் சொல்கிறார், அவை கைதட்டவும் செய்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் மூவர் கருத்துச் சொல்ல வந்தவர்களாகவும் ஒருவர் அனுபவம் சொல்ல வந்தவராகவும் பிரிந்துவிட்டார்கள். பிறகு கேள்வி நேரத்தில் அவரிடம் தரவுகளைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், ஊரில் இன்னும் இரட்டைக் குவளை இருக்கிறதா என்று கேட்பார்கள். பட்டம் என்பது வெறும் பகட்டு, அதைத் தள்ளிவிட்டு மனிதரைக் காட்டுவோம் என்று சொல்வது, பட்டத்தைத் தலைமுறைகளாக வீட்டில் மாட்டி வைத்திருப்பவர்களுக்குச் சுலபம். குடும்பத்திலேயே முதன்முதலாக முனைவர் ஆனவருக்கு அந்த ஒரு சொல் பெயருக்கு முன்னால் வர வேண்டும் என்பதில் எந்த வெட்கமும் இல்லை. எனவே மேடையில் எங்கள் நிலைப்பாடு எளிது. எல்லோருக்கும் சம்பவம், இல்லையென்றால் எல்லோருக்கும் பட்டம். ஒருவருக்கு மட்டும் கதை என்றால், தொகுப்பாளரிடம் முன்கூட்டியே மறுத்துவிடுங்கள்.

நீங்களே உங்களைப் பற்றி எழுதும் குறிப்புக்கு வருவோம். எங்களிடம் வரைவு காட்ட வரும் மாணவர்களில் ஒருவரின் குறிப்பை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இங்கே எடுத்துக்கொள்கிறோம். சட்டம் இறுதியாண்டு படிக்கும் மாணவி. நிலவுரிமை குறித்த ஒரு பயிற்சிக்கு நூறு சொற்களில் குறிப்பு கேட்டிருந்தார்கள். அவருடைய முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு மகளாகப் பிறந்து, வறுமையிலும் அவமானத்திலும் வளர்ந்தேன்." பொய் இல்லை. ஆனால் பெயரை மறைத்துவிட்டு அந்த வரியை எங்கள் சேரிகளில் எந்தப் பிள்ளையின் குறிப்பிலும் ஒட்டலாம். அது சாதியைப் பற்றிய வரி, அவரைப் பற்றிய வரி அல்ல.

நிலம் பற்றி ஏன் படிக்க வந்தாய் என்று கேட்டோம். சாதாரணமாகச் சொன்னார். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஊர் நிர்வாக அலுவலரிடம் தன் ஊரின் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். தன் பாட்டி கூலிக்குக் களையெடுத்த அதே வயலின் சர்வே எண்ணுக்கு எதிரே, பஞ்சமி நிலம் என்பதைக் குறிக்கும் டி.சி. குறிப்பு இருந்திருக்கிறது. 1892க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்டது. இப்போது அது யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அவர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்? திருத்திய குறிப்பு இப்படி வந்தது:

"என் பாட்டி கூலிக்குக் களையெடுத்த வயல், வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் பஞ்சமி நிலம் என்று பதிவாகியிருப்பதை இரண்டாம் ஆண்டு சட்டம் படிக்கும்போது பார்த்தேன். அதன்பின் மூன்று கிராமங்களின் பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்று, இன்றைய அனுபவத்தோடு ஒப்பிட்டு வருகிறேன். தற்போது சட்டம் இறுதியாண்டு மாணவி. நிலமீட்பு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சி பெறுகிறேன்."

பாட்டியின் கூலி வேலை இதிலும் இருக்கிறது. ஆனால் இங்கே அது பரிதாபத்தைக் கேட்டு நிற்கவில்லை, ஒரு சான்றாக நிற்கிறது. சம்பவம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டதையும் கவனியுங்கள். நூறு சொல் குறிப்பில் சம்பவத்துக்கு முப்பது சொல்லுக்கு மேல் கொடுத்தால், படிப்பவர் நீங்கள் யார் என்று தெரிந்துகொள்வதற்குள் குறிப்பு முடிந்துவிடும். மூன்றாவது வாக்கியத்துக்குள் படிப்போ பணியோ வந்தாக வேண்டும்.

சம்பவமே வேண்டாத இடங்களும் உண்டு. அரசுக் குழுவுக்குக் கொடுக்கும் மனு, வல்லுநராகக் கருத்துச் சொல்லும் பத்திரிகைக் கட்டுரை, வேலைக்கான விண்ணப்பம். இங்கெல்லாம் உங்களை எதிர்க்க விரும்புபவர் முதலில் கேட்பது "இவருக்கு என்ன தகுதி?" என்பதைத்தான். பட்டத்தை முதல் வரியிலேயே வையுங்கள்.

இன்னொன்று, வன்கொடுமை வழக்கு நிலுவையில் இருக்கும் சம்பவத்தை எந்தக் குறிப்பிலும் எழுதாதீர்கள். உங்கள் வழக்காக இருந்தாலும் சரி, உறவினர் வழக்காக இருந்தாலும் சரி. அழகுக்காக நீங்கள் மாற்றிப் போட்ட ஒரு நேரத்தை, ஓர் இடத்தை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எடுத்துப் படிப்பார். சாட்சிகளின் பெயரும் ஊரும் வெளியே தெரிவதால் வரும் ஆபத்து வேறு. பிறர் உங்களைப் பற்றி எழுதினால், அச்சுக்குப் போகும் முன் வரைவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அம்மாவோ அப்பாவோ அதில் வந்தால், அவர்களுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எங்களிடம் வந்த ஒரு தோழரின் அம்மா, தான் துப்புரவு வேலை செய்தது எழுதப்பட்டிருந்ததற்குக் கோபப்படவில்லை. முப்பது வருஷம் சங்கத்தில் பொருளாளராக இருந்ததை ஏன் விட்டுவிட்டாய் என்றுதான் கேட்டார்.