ஃபேமிலி குரூப்பில் புது மருமகள்: சேர்க்கும் முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

மறுவீட்டு விருந்துகூட முடிந்திருக்காது. அதற்குள் புதுப்பெண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால், கேட்டுவிட்டுச் சேர்ப்பதுதான் உண்மையான வரவேற்பு.

ஏன் கேட்க வேண்டும்?

ஆலங்குடியில் பிறந்த பெண் அறந்தாங்கிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குரூப்பில் 45 பேர். சேர்த்த நொடியே அவருடைய நம்பர் 45 பேருக்கும் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் விலகுவதும் லேசில்லை. ஒருவர் விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்று 2022-ல் வாட்ஸ்அப் மாற்றியது. ஆனாலும், விலகியவர் யார் என்பதை 60 நாட்கள் வரை குரூப்பில் எவரும் பார்க்கலாம். புது மருமகள் விலகினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் கணவர் முதலில் தனியாகக் கேட்டுவிடுவது நல்லது. "இப்ப வேணாம், தலை தீபாவளிக்கு அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னால், அதுவும் சரிதான். அவர் Settings > Privacy > Groups பகுதியில் My contacts என்று வைத்திருந்தால், அவர் போனில் பதிவாகாத அட்மினால் நேரடியாகச் சேர்க்க முடியாது. தனி அழைப்புதான் போகும். 3 நாட்களுக்குள் அவர் ஏற்க வேண்டும். இது அவமரியாதை இல்லை, அவர் போனில் உள்ள வழக்கமான பாதுகாப்பு.

சேர்ந்ததும் என்ன செய்யலாம்?

அவருக்குத் தெரிவது வெறும் நம்பர்கள்தான். பூங்கொத்து ஸ்டிக்கர் 30 வந்தாலும் யார் எவர் என்று புரியாது. அதற்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரு வரி போடலாம்: "நான் சிங்கப்பூர் சின்ன மாமனார்", "அண்ணி, நான் பொன்னமராவதியில இருக்கற உங்க கொழுந்தன்." உறவும் ஊரும் தெரிந்தால், எப்படிக் கூப்பிடுவது என்ற தயக்கம் போய்விடும்.

பதில் வராவிட்டால்?

சிங்கப்பூர் மாமா காலை 6 மணிக்குப் போடும் 'குட் மார்னிங்' இங்கே விடிகாலை 3.30 மணிக்கு வந்து விழும். அவர் குரூப்பை மியூட் செய்திருக்கலாம். நீல டிக் வந்தும் பதில் இல்லை என்பதை மாமியாரிடம் புகாராகக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாப்பிள்ளை குரூப்புக்கு வந்தால் "வாங்க மாப்ள!" என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கிறார்கள், அவர் பேசாமல் இருந்தால் "பிஸியா இருப்பார்" என்று விடுகிறார்கள். மருமகள் வந்தால் "என்னம்மா, இன்னைக்கு என்ன சமையல்?" என்று தொடங்குகிறார்கள், அவர் பேசாவிட்டால் திமிர் என்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் அதே இடத்தை மருமகளுக்கும் கொடுத்தாலே போதும். அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.