குறியீட்டெண் என்பது ஒரு பெயர்

மாவட்டங்களை அலகாகக் கொண்டு ஆய்வு செய்வோர்க்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் இரண்டு அட்டவணைகளை இணைக்க நேர்கிறது. ஒரு பக்கம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணை. மறுபக்கம் ஆய்வாளர் தாமே திரட்டிய பெண் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை விவரம் என வைத்துக்கொள்வோம். இரண்டிற்கும் பொதுவானது மாவட்டக் குறியீட்டெண். எக்செலில் வழக்கமான சூத்திரத்தை எழுதுகிறார்:

```
=VLOOKUP(A2,Census!A:D,4,FALSE)
```

இறுதியில் உள்ள FALSE, முழுப்பொருத்தம் மட்டுமே வேண்டும் என்பதைக் குறிக்கும். விடையாக 640 மாவட்டங்களுக்கும் #N/A வருகிறது. சென்னையின் குறியீடான 603 இரு தாள்களிலும் கண்முன்னே இருக்கிறது. எனினும் எக்செல் அதனைக் காணவில்லை என்கிறது.

காரணம் எளிது. ஒரு தாளில் இருப்பது அறுநூற்று மூன்று என்னும் எண். மற்றதில் இருப்பது 6, 0, 3 என்னும் மூன்று எழுத்துருக்களால் ஆன உரை. எக்செலுக்கு இவை வெவ்வேறு இனங்கள். ="603"=603 என்று எழுதிப் பார்த்தால் FALSE என விடை வரும். ஆனால் ="603"+0 என்று எழுதினால் 603 கிடைக்கும். கூட்டும்போது உரையை எண்ணாக மாற்றிக்கொள்ளும் அதே மென்பொருள், ஒப்பிடும்போது மாற்றிக்கொள்வதில்லை. COUNTIF மேலும் குழப்பும். அது எண்போல் தோன்றும் உரையையும் எண்ணையும் ஒன்றாகவே கருதுவதால் "603 இருக்கிறது" என்று சொல்லும், VLOOKUP "இல்லை" என்று சொல்லும். கலத்தின் வடிவமைப்பை Number என மாற்றுவதாலும் பயனில்லை. உள்ளே சேமிக்கப்பட்டது மீண்டும் உள்ளிடப்படும் வரை உரையாகவே நீடிக்கும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கணக்கெடுப்பின் மாவட்டக் குறியீடுகள் 001 முதல் 640 வரையிலான மூன்றிலக்கக் குறியீடுகள். முன்னிற்கும் சுழியத்தைக் காக்கவே அவை உரையாக வைக்கப்பட்டுள்ளன. ஆய்வாளரின் அட்டவணையோ சிஎஸ்வி கோப்பாக வந்தது. அதனை இருமுறை சொடுக்கித் திறந்த கணத்திலேயே எக்செல் 001ஐ 1 ஆக்கிவிட்டது. சேமித்ததும் சுழியம் கோப்பிலிருந்தே மறைந்தது.

இதுவரை பெருந்தீங்கு எதுவும் இல்லை. 640 இடங்களிலும் பிழை காட்டும் அட்டவணையை யாரும் முடிவுரைக்கு எடுத்துச் செல்ல மாட்டார்கள். நான் அஞ்சுவது அடுத்த படியை. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும் குறுக்குவழி, A2&"" என்று எழுதி எண்ணை உரையாக்கிவிடலாம் என்பது. எழுதியதும் அட்டவணை நிறைந்துவிடுகிறது. சென்னை வந்துவிட்டது, பாட்னா வந்துவிட்டது, திருவனந்தபுரமும் வந்துவிட்டது. 541 மாவட்டங்கள் பொருந்திவிட்டன. பொருந்தாதவை 99.

எந்தத் தொண்ணூற்றொன்பது என்பதே கேள்வி. 1 என்பது "1" என்னும் உரையாயிற்று. மறுபக்கம் இருப்பது "001". ஆகவே 100க்குக் கீழுள்ள குறியீடுகள் மட்டும் தவறுகின்றன. கணக்கெடுப்பின் குறியீடுகள் நாட்டின் வடமேற்கிலிருந்து தொடங்கி வழங்கப்பட்டவை. எனவே தவறுவன ஜம்மு-காஷ்மீரின் 22 மாவட்டங்கள், இமாசலத்தின் 12, பஞ்சாபின் 20, சண்டிகரின் 1, உத்தராகண்டின் 13, அரியானாவின் 21, தில்லியின் 9, இவற்றோடு ராஜஸ்தானின் முதல் மாவட்டமான கங்காநகர். ராஜஸ்தானின் எஞ்சிய 32 மாவட்டங்களும் பத்திரமாக இருக்கின்றன.

நமது கற்பனை ஆய்வாளரின் பொருள் பெண்கல்வி என்பதை நினைவில் கொள்க. 2011இல் இந்தியாவின் பாலின விகிதம் ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள். அரியானாவில் அது 879, பஞ்சாபில் 895, ஜம்மு-காஷ்மீரில் 889, தில்லியில் 868, சண்டிகரில் 818. இமாசலமும் (972) உத்தராகண்டும் (963) மட்டுமே தேசிய அளவைக் கடந்தவை. பாலின விகிதத்திற்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுந்தவரின் தரவிலிருந்து, அந்த விகிதம் மிகத் தாழ்ந்த ஒரு பெரும் நிலப்பகுதி எழுத்தெண்ணிக்கை ஒன்றின் காரணமாக வெளியேறிவிட்டது. விடுபட்ட தரவைப் பற்றிப் பேசும்போது "தற்செயலாக விடுபட்டவை" என்று கருதிக்கொள்வது நம் வழக்கம். இங்கே விடுபட்டதில் தற்செயல் எதுவும் இல்லை. 541 என்னும் மாதிரி அளவோ எந்தத் தேர்வாளரின் புருவத்தையும் உயர்த்தாது.

இதனை மறைக்கும் வழிகளும் தாராளமாக உள்ளன. அட்டவணை அழகாக இருக்க வேண்டும் என்று IFERROR போட்டு வெற்றிடமாக்குவது ஒன்று. ஆர் மொழியின் அடிப்படை merge() மற்றொன்று. ஒரு பக்கம் எண்ணும் மறுபக்கம் உரையும் இருந்தால் அது கேளாமலே இரண்டையும் உரையாக்கிப் பொருத்திப் பார்க்கும். பொருந்தாத வரிசைகளை இயல்பாகவே கைவிட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் இராது. பாண்டாஸின் merge இத்தகைய இணைப்பைப் பிழையெனக் கூறி நிறுத்திவிடும். டிப்ளைர் தொகுப்பின் left_join உம் அவ்வாறே. மாணவர்கள் இந்த மறுப்பைத் தொல்லையாகக் கருதுகின்றனர். எனக்கு அது நல்ல நூலகர் ஒருவரின் கண்டிப்பாகத் தோன்றுகிறது.

இனி, சீர்செய்தல். பரவலாகத் தரப்படும் அறிவுரை, இரு பக்கமும் எண்ணாக மாற்றிவிடுங்கள் என்பது. எக்செலே கலத்தின் மூலையில் பச்சை முக்கோணம் காட்டி Convert to Number என்று அழைக்கிறது. 2011 மாவட்டக் குறியீடுகளுக்கு இது வேலை செய்யும், மறுக்கவில்லை. எனினும் நான் இதனை ஏற்பதில்லை. குறியீட்டெண்ணை எவரும் கூட்டுவதில்லை, சராசரி காண்பதில்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு பெயர். அதன் நீளமும் பெயரின் பகுதியே.

இந்த வேறுபாடு 2001ஐயும் சேர்த்து ஆராயும்போது வெளிப்படுகிறது. அந்தக் கணக்கெடுப்பில் மாவட்டக் குறியீடு ஒவ்வொரு மாநிலத்திலும் 01இலிருந்து புதிதாகத் தொடங்கியது. ஆகவே மாநிலக் குறியீட்டையும் மாவட்டக் குறியீட்டையும் ஒட்டினால்தான் தனித்த அடையாளம் கிடைக்கும். ஜம்மு-காஷ்மீர் 01, அதன் பதினொன்றாம் மாவட்டம் 0111. சிக்கிம் 11, அதன் முதல் மாவட்டம் 1101. இரண்டு நெடுவரிசைகளையும் எண்ணாக்கிய பின் ஒட்டிப் பாருங்கள்: 1&11, 11&1. இரண்டும் 111. இவ்வாறே சிக்கிமின் நான்கு மாவட்டங்களும் ஜம்மு-காஷ்மீரின் 11 முதல் 14 வரையிலான மாவட்டங்களோடு மோதுகின்றன. VLOOKUP முதலில் காண்பதை எடுக்கும். எனவே சிக்கிமுக்கு ஜம்மு-காஷ்மீரின் விவரம் வந்து சேரும். இங்கே #N/A கூட வராது. தமிழ்நாட்டை மட்டும் ஆராய்வோர் இச்சிக்கலைச் சந்திக்கவே மாட்டார்கள் என்பது வேடிக்கை: மாநிலக் குறியீடு 33, 2011 மாவட்டக் குறியீடுகள் 602 முதல் 633 வரை, எதிலும் முன்சுழியம் இல்லை.

எனவே என் பரிந்துரை, குறியீட்டெண்களை நிலையான நீளமுள்ள உரையாக வைத்திருப்பது. பழுதான நெடுவரிசைக்கு அருகில் புதிய நெடுவரிசை ஒன்றை அமைத்து இவ்வாறு எழுதலாம்:

```
=TEXT(VALUE(TRIM(SUBSTITUTE(A2,UNICHAR(160)," "))),"000")
```

வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடைவெளி எழுத்துரு (அதன் எண் 160) ஒட்டிக்கொண்டு வரும். TRIM மட்டும் அதனை நீக்காது. ஆகவே SUBSTITUTE முதலில் அதனைச் சாதாரண இடைவெளியாக்குகிறது. பின்னர் TRIM வெட்டுகிறது, VALUE எண்ணாக்குகிறது, TEXT மூன்றிலக்க உரையாகத் திருப்பித் தருகிறது. எண்ணாக இருந்தாலும் உரையாக இருந்தாலும் விளைவு ஒன்றே. கலம் வெற்றாக இருந்தால் #VALUE! வரும், அதனை மறைக்க வேண்டாம். இதே சூத்திரத்தை இரு தாள்களிலும் இட வேண்டும், ஒன்றில் மட்டும் அன்று. 2001க்கு மாநிலத்தையும் மாவட்டத்தையும் தனித்தனியே "00" என்னும் வடிவில் ஈரிலக்கமாக்கிய பின்னரே ஒட்ட வேண்டும்.

அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போதே காப்பது இதனினும் நன்று. எக்செலில் Data பட்டியின் From Text/CSV வழியாகச் சென்று அந்த நெடுவரிசையை Text எனக் குறிக்கலாம். ஆர் மொழியில்:

```
read.csv("pca.csv", colClasses = c(District = "character"))
```

சரிபார்ப்புக்கு இரண்டு எண்ணிக்கைகள் போதும். =SUMPRODUCT(--ISTEXT(B2:B641)) என்பது 640 தர வேண்டும்; =SUMPRODUCT(--(LEN(B2:B641)=3)) என்பதும் 640 தர வேண்டும். கணக்கெடுப்புக் கோப்பில் இந்த 640ஐப் பெறுவதற்கு முன் Level நெடுவரிசையில் DISTRICT, TRU நெடுவரிசையில் Total என்று வடிகட்டியிருக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு மாவட்டமும் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என மும்முறை வரும். மாநில மொத்தம் 000 என்னும் குறியீட்டோடு இடையே நிற்கும்.

ஆய்வேடுகளில் இணைப்பு பற்றி எழுதப்படுவது பெரும்பாலும் "இரு தரவுகளும் இணைக்கப்பட்டன" என்னும் ஒற்றை வாக்கியமே. நெறியாளர்களும் தேர்வாளர்களும் அதற்கு அருகில் மூன்று எண்களைக் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை: இரு பக்கமும் இருந்த வரிசைகள் எத்தனை, பொருந்தியவை எத்தனை, பொருந்தாதவை எந்தெந்த மாநிலத்தைச் சேர்ந்தவை. மூன்றாவது கேள்விக்கான விடையைப் பார்த்த நொடியில் மேற்சொன்ன 99இன் கதை வெளிப்பட்டுவிடும்.

ஒட்டிய பின் எண்ணாகிப் போன 111ஐ மட்டும் எந்தச் சூத்திரமும் பிரித்துத் தராது. மாநிலப் பெயர் அருகில் இருந்தால் அதனைக் கொண்டு மீட்கலாம். அதுவும் இல்லையெனில் அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டு, மூலக் கோப்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.