எண்ணெயும் கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள்!

பொருளை வாங்குகிறவன் பணம் கொடுப்பான். இதுதான் உலக வழக்கம். 2020-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி அமெரிக்காவில் இது தலைகீழாக மாறியது.

அன்று நியூயார்க் சந்தையில், மே மாதம் ஒப்படைக்க வேண்டிய கச்சா எண்ணெயின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. முடிவு விலை மைனஸ் 37 டாலர் 63 சென்ட்! அதாவது, ஒரு பீப்பாய் எண்ணெயையும் கொடுத்து, அதை எடுத்துப் போவதற்கு ஏறத்தாழ 38 டாலரும் கொடுத்தார்கள்.

காரணம் என்ன?

கொரோனா நோயினால் கார்களும் விமானங்களும் ஓடவில்லை. எண்ணெய் விற்கவில்லை. அந்த ஒப்பந்தத்தை வைத்திருப்பவர் ஓக்லஹாமா மாநிலத்தில் உள்ள குஷிங் என்ற ஊரில் எண்ணெயைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு ஒப்பந்தம் என்பது 1,000 பீப்பாய். குஷிங்கிலோ தொட்டிகளில் இடம் இல்லை. காலியாக இருந்த இடத்தையும் முன்கூட்டியே பலர் பிடித்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடிய ஒரு நாளே பாக்கி. என்ன செய்வார்கள், பாவம்! பணம் கொடுத்தாவது தள்ளிவிடத் துடித்தார்கள்.

உடைந்த கணக்கு

இந்தச் சந்தையில் "ஆப்ஷன்" என்று ஒரு வியாபாரம் உண்டு. பிற்காலத்தில் குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை, இன்றே ஒரு சிறு தொகைக்கு வாங்குவது ஆப்ஷன். அந்தச் சிறு தொகை எவ்வளவு என்று கணக்கிட, பிஷர் பிளாக் என்ற அமெரிக்கர் 1976-ல் தந்த சூத்திரத்தைச் சந்தையார் நம்பியிருந்தார்கள்.

அந்தச் சூத்திரம் விலையைச் சதவீதத்தில் நகர்த்துகிறது. 100 பாதியானால் 50. பிறகு 25. பிறகு பன்னிரண்டரை. எத்தனை முறை பாதியாக்கினாலும் பூஜ்யம் வராது. மைனஸ் வரவே வராது. விலை மைனஸ் ஆனால் சூத்திரம் விடை சொல்லாது.

முறிவதற்கு முன்பே அறிகுறி தெரியும். விலை 50 டாலராக இருக்கும்போது 5 டாலர் அசைந்தால் 10 சதவீதம். விலை 10 டாலர் என்றால் அதே அசைவு 50 சதவீதம். விலை 1 டாலர் என்றால் 500 சதவீதம்! சந்தையின் ஆட்டம் ஒன்றுதான். திரையில் தெரியும் சதவீதம் மட்டும் பேயாய் எகிறும். அப்படி எகிறினால் அந்த அளவுகோலைச் சந்தேகிக்க வேண்டும்.

பாரிஸ் மாணவரின் வழி

1900-ம் ஆண்டில் பாரிஸில் லூயி பாஷ்லியே என்ற மாணவர் வேறு வழி சொல்லியிருந்தார். விலை சதவீதத்தில் அல்ல, பணத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டார். இரண்டு டாலர் ஏறும், இரண்டு டாலர் இறங்கும். இறங்கிக்கொண்டே போனால் பூஜ்யத்தைத் தாண்டிவிடும். கம்பெனிப் பங்குக்கு இது ஒரு குறை. பங்கு வாங்கியவன் போட்ட பணத்தை இழக்கலாம். அதற்குமேல் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணெய்க்கோ அந்தக் குறையே கை கொடுத்தது. 2020 ஏப்ரல் 22 முதல் சந்தை நிர்வாகம் எண்ணெய் ஆப்ஷன்களுக்குப் பாஷ்லியே கணக்கையே எடுத்துக்கொண்டது.

வித்தியாசம் எவ்வளவு?

எண்ணெயைப் பூஜ்ய விலைக்கு விற்கும் உரிமை, அதாவது சும்மா தள்ளிவிடும் உரிமை ஒன்று இருக்கிறது. பழைய கணக்குப்படி அதற்கு மதிப்பு ஒரு காசு கூட இல்லை. விலைதான் பூஜ்யத்துக்குக் கீழே போகாதே!

பாஷ்லியே கணக்கில் பார்ப்போம். ஆப்ஷன் முடிவதற்குள் விலை அசையும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 5 டாலர் என்று கொள்வோம். இன்றைய விலை 10 டாலரானால், அந்த உரிமையின் மதிப்பு பீப்பாய்க்கு 4 சென்ட். 1,000 பீப்பாய்க்கு 42 டாலர்தான். விலை 1 டாலருக்கு இறங்கினால்? மதிப்பு 1 டாலர் 53 சென்ட். ஒரு ஒப்பந்தத்துக்கு 1,500 டாலருக்கு மேல்! பழைய சூத்திரத்தை நம்பி, "சும்மா வருகிற பணம்" என்று நூறு ஒப்பந்தம் விற்றவன், தன் தலைக்கு மேல் ஒன்றரை லட்சம் டாலர் தொங்குவதை அறியமாட்டான்.

புதிய கணக்குக்கும் எல்லை உண்டு. முந்திய வெள்ளிக்கிழமை மே மாத எண்ணெய் 18 டாலர் 27 சென்ட். ஒரே வியாபார நாளில் சுமார் 56 டாலர் சரிந்தது. திட்ட விலக்கம் 5 டாலர் என்று போட்டவனுக்கு, இது பாஷ்லியே கணக்கிலும் நடக்கவே முடியாத காரியம். மைனஸ் விலைக்கு அந்தச் சூத்திரம் கதவைத் திறந்து வைக்கும். தொட்டி நிரம்பிவிட்டது என்று அதற்குத் தெரியாது. குஷிங்கில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதை அமெரிக்க அரசு வாரந்தோறும், பெரும்பாலும் புதன்கிழமைகளில், வெளியிடுகிறது. ஆப்ஷன் விற்கிறவர்கள் சூத்திரத்தோடு அந்தப் பட்டியலையும் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது.